மூன்று மாதம் முடிந்தது, நன்றி

பென்னாகரம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஒரு குழந்தை ஸ்பான்சர் திட்டத்தில் களப்பணியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். பணம் கொடுப்பவர்கள் எங்கோ இருந்தார்கள், பிள்ளைகள் எங்களிடம் இருந்தார்கள். ஸ்பான்சர் ஒருவர் விலகினால் ஊரில் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதை வாங்குகிற பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான், காவேரிப்பட்டணத்தில் தையல் கடை வைத்திருக்கும், மூன்று மாதச் சோதனையாக ஒரு பையனுக்கு ஸ்பான்சர் ஆகியிருந்த என் அக்கா போன செப்டம்பரில் போன் செய்து, "நிறுத்திவிட்டால் அந்தப் பையன் படிப்பு நின்றுவிடுமா? பாவம் இல்லையா?" என்று கேட்டபோது என்னால் சட்டென்று பதில் சொல்ல முடிந்தது. நிற்காது. பாவமும் இல்லை. ஆனால் நிறுத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது.

அக்கா சேர்ந்த கதை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கிருஷ்ணகிரியில் ஒரு ஜவுளிக் கடை வாசலில் மேசை போட்டிருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் டேப்லெட்டோடு நின்ற இளைஞன் வேறு மாநிலத்துப் பையன் ஒருவனின் படத்தைக் காட்டியிருக்கிறான். நான்காம் வகுப்பு படிக்கிறான். மாதம் 800 ரூபாய். "மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள் அக்கா, பிடிக்கவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம்" என்றிருக்கிறான். அது ஜூன் மாதம். பள்ளிச் சீருடை தைக்கும் காலம், அக்காவின் கையில் காசு புரண்டுகொண்டிருந்தது. அத்தானுக்கும் மாங்கூழ் தொழிற்சாலையில் வேலை ஓடிக்கொண்டிருந்தது. டெபிட் கார்டு எண்ணைச் சொல்லி, வந்த ஓடிபியையும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

ஆகஸ்ட் முடிந்தால் மாங்கூழ் தொழிற்சாலையில் ஆள் குறைப்பார்கள். சீருடை வேலையும் தீர்ந்துவிடும். தீபாவளி ரவிக்கைகள் வரும்வரை கடை வாடகையைக் கொடுப்பதே பெரிய காரியம். பருவத்துக்குப் பருவம் வருமானம் வருகிற வீட்டில், மாதாமாதம் ஏழாம் தேதி தானாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு பொருந்துவதே இல்லை. அக்காவுக்குக் கொடுக்க மனம் இல்லாமல் போகவில்லை. பணம் வரும் மாதமும் போகும் மாதமும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். இதைக்கூட அவள் யாருக்கும் விளக்கியாக வேண்டியதில்லை. சோதனைக் காலம் என்று கொடுத்தவர்கள், வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் சேர்த்தேதான் கொடுத்திருக்கிறார்கள்.

இனி அந்தப் பையன் விஷயம். பெரிய ஸ்பான்சர் திட்டங்கள் பெரும்பாலானவற்றில் ஸ்பான்சர் தரும் பணம் குறிப்பிட்ட பிள்ளையின் கைக்கோ வீட்டுக்கோ போவதில்லை. ஒரு வட்டாரத்துக்கான நிதியில் சேர்கிறது. எங்கள் திட்டத்தில் அந்த நிதியில் மாலை வகுப்பு நடந்தது, நோட்டும் பையும் வாங்கினோம், மருத்துவ முகாம் போட்டோம், பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்ட வீடுகளின் பிள்ளைகளைப் பள்ளியில் தக்கவைக்கத் தனியாக ஓர் ஆள் வைத்தோம். மாலை வகுப்பில் ஸ்பான்சர் உள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஒரே பாயில்தான் உட்கார்ந்தார்கள். படத்தில் இருக்கும் பிள்ளை, கொடுப்பவருக்கு அந்த ஊரைக் காட்டும் முகம். நிறுவனங்கள் இதை மறைப்பதும் இல்லை. சேரும்போது தரும் தாளில் சின்ன எழுத்தில் இருக்கும். நாம் படத்தைப் பார்க்கிறோம், தாளைப் படிப்பதில்லை.

அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் சொல்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் நிற்க வைத்துப் புதுப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். சிரித்த முகமாக இருக்கட்டும் என்று தலைமை அலுவலகத்தில் இருந்து சொல்வார்கள். எங்கள் பிள்ளைகள் உதட்டை மூடிக்கொண்டுதான் சிரிப்பார்கள். தர்மபுரி மாவட்டத்துக் கிணற்றிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் ஃபுளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறை படிந்துவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் ஓட ஆரம்பித்தது இதற்காகத்தான். அதற்கு முன்பே பல் முளைத்துவிட்ட பிள்ளைகளுக்குக் கறை அப்படியே நின்றது. ஒரு சிறுமி பல்லைக் காட்டுவதற்குப் பதில் கன்னத்தை மட்டும் உப்பிக் காட்டினாள். அந்தப் படத்தையே அனுப்பினேன். அதைப் பார்த்த ஸ்பான்சர், பிள்ளை ஏன் சோகமாக இருக்கிறாள் என்று கேட்டு எழுதினார். படம் இத்தனைதான் சொல்லும். அதை வைத்துக்கொண்டு, நாம் நிறுத்திய மறுநாள் அந்த முகம் வாடிவிடும் என்று கற்பனை செய்வதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை.

கடிதங்களும் அப்படித்தான். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை உட்கார வைப்போம். நான் நலம், எங்கள் ஆடு இரண்டு குட்டி போட்டது, மழை பெய்தது என்று எழுதுவார்கள். கீழே பரிசல் படம் வரைவார்கள். ஸ்பான்சர் விலகிவிட்டால் எங்களுக்கு அலுவலகத்தில் இருந்து ஒரு பட்டியல் வரும். அந்தப் பிள்ளையின் கோப்பு, ஸ்பான்சர் இல்லாதவர்கள் அடுக்குக்குப் போகும். சில மாதம் கழித்து வேறொரு பெயரோடு திரும்பி வரும். இடையில் மாலை வகுப்பும் நிற்காது, நோட்டும் நிற்காது. ஒரு பையன் மட்டும் என்னிடம், "போன தடவை வேறு பெயர் எழுதினோமே டீச்சர்?" என்று கேட்டான். அவர் இப்போது எழுதுவதில்லை, இவர் எழுதுவார் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, பரிசலில் எத்தனை பேர் வரையலாம் என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்.

இதைச் சொன்னால், அப்படியானால் ஸ்பான்சர் திட்டமே பயனில்லையா என்று கேட்பார்கள். பயன் உண்டு. புரூஸ் வைடிக்கும் அவருடன் இரண்டு பொருளியலாளர்களும் இந்தியா உட்பட ஆறு நாடுகளில் ஒரு பெரிய திட்டத்தை ஆராய்ந்து 2013ல் வெளியிட்ட கட்டுரையில், திட்டத்தில் இருந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஓர் ஆண்டுக்கு மேல் கூடுதலாகப் படித்தார்கள் என்று கண்டார்கள். கவனியுங்கள், அது பிள்ளை திட்டத்தில் இருந்ததால் வந்த பலன். ஒரே ஸ்பான்சர் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தாரா என்ற கணக்கு அல்ல. ஜவுளிக் கடை வாசலில் சேர்பவர்களில் நிறையப் பேர் முதல் ஆண்டிலேயே விலகிவிடுவார்கள் என்பது இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். நிறுவனங்களும் அதை வைத்துத்தான் ஆண்டுக் கணக்குப் போடுகின்றன.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நான் தயங்குவேன். பத்து இருபது பிள்ளைகளை வைத்து நடத்தும் சிறிய இல்லத்திலோ, இன்னாருடைய இந்த ஆண்டுக் கல்விக் கட்டணம் என்று பெயர் சொல்லி நேரடியாகப் பள்ளிக்குக் கட்டும் ஏற்பாட்டிலோ, உங்கள் பணம் உண்மையிலேயே ஒரு பிள்ளையின் கட்டணமாகத்தான் போகிறது. அங்கே நடு ஆண்டில் நிறுத்தினால் ஓட்டை விழும். ஏப்ரல் வரை கொடுத்துவிட்டு விலகுவதோ, இப்போதே சொல்லி வேறு ஆள் பார்க்க அவகாசம் தருவதோ நல்லது. எது எந்த வகை என்று அறிய, "பணம் பிள்ளையின் கணக்கில் சேர்கிறதா, திட்டத்தின் பொது நிதியில் சேர்கிறதா?" என்று ஒரே கேள்வியை எழுதிக் கேட்டால் போதும். அக்காவுக்கு வந்த ரசீதிலேயே சமூக வளர்ச்சித் திட்டம் என்று அச்சிட்டிருந்தது. கேட்கவேண்டிய தேவையே வரவில்லை.

மனசாட்சி விஷயம் இவ்வளவுதான். சிக்கல் உண்மையில் வங்கிப் பக்கம் இருந்தது.

அக்கா நினைத்துக்கொண்டிருந்தது, மூன்று மாதம் ஆனதும் தானாக நின்றுவிடும் என்று. வங்கியில் இருந்து வந்த குறுஞ்செய்தியைத் தேடி எடுத்துப் பார்த்தோம். என்ஏசிஹெச் மேண்டேட். மாதாமாதம் கணக்கில் இருந்து எடுத்துக்கொள்ள வங்கிக்குக் கொடுத்த ஒப்புதல். அதில் முடிவுத் தேதி பல ஆண்டுகள் தள்ளி இருந்தது. அதிகபட்சத் தொகை 800 அல்ல, 2,000. இதில் மோசடி ஒன்றும் இல்லை. பிற்பாடு நன்கொடையை உயர்த்தச் சம்மதித்தால் மறுபடி கையெழுத்து வாங்காமல் இருப்பதற்காக அப்படிக் கூட்டி வைப்பார்கள். ஆனால் சோதனைக் காலம் என்ற சொல் அந்த இளைஞனின் வாயில் மட்டும்தான் இருந்தது. வங்கிக்கு அது தெரியாது. நாம் போய் நிறுத்தாதவரை நான்காவது மாதமும் நாற்பதாவது மாதமும் அதற்கு ஒன்றுதான்.

தொடர் நன்கொடை எந்த வழியில் போகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கார்டு அல்லது யூபிஐ ஆட்டோபே என்றால் வேலை சுலபம். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரில் நடைமுறைப்படுத்திய விதிப்படி, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது தகவல் வர வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் வசதியும் இருக்க வேண்டும். யூபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து, ரத்து செய்து, யூபிஐ பின் எண்ணைப் போட்டால் முடிந்தது. அக்காவுடையது நேரே வங்கிக் கணக்கில் இருந்து போகும் வகை. அதற்கு யூஎம்ஆர்என் என்று ஒரு நீண்ட எண் உண்டு. மேண்டேட்டின் அடையாளமே அதுதான். குறுஞ்செய்தியிலோ, இணைய வங்கியின் மேண்டேட் பட்டியலிலோ கிடைக்கும். அந்த எண் இல்லாமல் கிளைக்குப் போனால், எந்த மேண்டேட் என்று தேடுவதிலேயே காலை போய்விடும்.

கணக்கைக் காலியாக வைத்துவிட்டால் எடுக்க முடியாதே என்று அத்தான் ஒரு யோசனை சொன்னார். நிறையப் பேர் செய்கிற காரியம்தான், தேவையில்லாத நஷ்டம். பணம் இல்லாமல் திரும்பினால் வங்கி அபராதம் பிடிக்கும். பல வங்கிகளில் அது சில நூறு ரூபாய், மேலே ஜிஎஸ்டி வேறு. மேண்டேட் உயிரோடு இருப்பதால் அடுத்த மாதம் மறுபடி வரும். மறுபடி அபராதம். 800 ரூபாயை மிச்சப்படுத்தப் போய் இரண்டு மூன்று முறை தண்டம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். பையனுக்கும் போகாது, நமக்கும் மிஞ்சாது.

அதனால் முதலில் நிறுவனத்துக்கு எழுதினோம். வங்கியில் முதலில் ரத்து செய்தால், அவர்கள் கணக்கில் அது பணம் தவறிய கணக்காகத் தெரியும். நிலுவை கேட்டு அழைப்பு வரும். பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். போனில் மட்டும் சொல்லிவிட்டு விடுவதும் சரியல்ல. சொன்னதற்குச் சாட்சி இருக்காது. யார் யாரிடம் பணம் எடுப்பது என்ற மாதப் பட்டியல், எடுக்கும் தேதிக்குச் சில நாள் முன்பே வங்கிக்குப் போய்விடும். ஆகவே இரண்டு வாரமாவது முன்னதாக எழுத வேண்டும். மூன்றாவது தவணை செப்டம்பர் ஏழாம் தேதி போய்விட்டது. அக்டோபர் ஏழுக்கு முன் நிற்க வேண்டும் என்று, செப்டம்பர் பாதியிலேயே மின்னஞ்சல் அனுப்பினோம்.

அக்கா முதலில் எழுதியது ஒரு பக்கத்துக்கு வந்தது. கடை வாடகை, அத்தான் வேலை, மூத்தவளின் கல்லூரிக் கட்டணம், மன்னிப்பு மூன்று இடத்தில். எல்லாவற்றையும் அடித்தேன். காரணம் சொன்னால் அதற்கு ஒரு தீர்வு சொல்வார்கள். அவர்களுடைய வேலையே அது. மன்னிப்புக் கேட்டால், எங்கேயோ தவறு நடந்திருக்கிறது என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். கடைசியில் போனது இது:

"வணக்கம். ஜூலை முதல் செப்டம்பர் வரை மூன்று மாதச் சோதனைக் காலத்துக்கு உங்கள் திட்டத்தில் பங்கெடுத்தேன். அந்த வாய்ப்புக்கு நன்றி. இதைத் தொடர்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். செப்டம்பர் 7 அன்று செலுத்தியதே என் கடைசித் தவணை. அக்டோபர் முதல் பணம் எடுக்க வேண்டாம். மேண்டேட்டை உங்கள் பக்கத்தில் ரத்து செய்து, அதை மின்னஞ்சலில் உறுதி செய்யுங்கள். நானும் வங்கியில் ரத்து செய்கிறேன். செலுத்திய 2,400 ரூபாய்க்கான சான்றிதழை உரிய நேரத்தில் அனுப்புங்கள். பையனுக்கு ஒரு சிறு கடிதம் இணைத்திருக்கிறேன், உங்கள் விதி அனுமதித்தால் சேர்ப்பியுங்கள். உங்கள் பணி நன்றாக நடக்க வாழ்த்துகிறேன்."

கீழே நன்கொடையாளர் எண், யூஎம்ஆர்என், பெயர், செல்பேசி எண். "மிகவும் வெட்டியது மாதிரி இருக்கிறதே" என்றாள் அக்கா. நன்றி இருக்கிறது, வாழ்த்து இருக்கிறது, முடிவு இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றேன். அந்தப் பக்கம் அமர்ந்து இப்படிப்பட்ட கடிதங்களைப் படித்தவர்களோடு பழகியிருக்கிறேன். எந்தத் தேதியில் இருந்து நிறுத்துவது என்று தெளிவாகச் சொன்ன கடிதத்தைத்தான் அவர்கள் விரும்புவார்கள். நாலு பக்கம் அழுதுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று முடிக்கும் கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பையனுக்கான கடிதத்துக்குத்தான் அதிக நேரம் ஆனது. எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை. மூன்று மாதத்தில் பையனிடம் இருந்து ஒரு கடிதம்கூட வந்திருக்கவில்லை. ஆனால் அக்கா விரும்பினாள். அவன் அம்மாவோ மாலை வகுப்பு ஆசிரியையோ அவன் மொழியில் வாசித்துக் காட்டப்போகும் கடிதம் அது. அதில் நம் வருத்தத்தை ஏற்றக்கூடாது. உன்னை விட்டுப் போகிறேன், என்னால் முடியவில்லை, மன்னித்துவிடு என்றெல்லாம் எழுதினால், ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று பிள்ளை புரிந்துகொள்ளும். மறுபடி வருகிறேன், உன்னை ஒருநாள் பார்ப்பேன் போன்ற வாக்கும் வேண்டாம். முகவரி, செல்பேசி எண் எழுதவே கூடாது. குழந்தைப் பாதுகாப்பு விதிப்படி எந்த ஒழுங்கான நிறுவனமும் அதை நீக்கிவிட்டுத்தான் கொடுக்கும். அக்கா எழுதியது நான்கு வரி. "உன் படத்தைப் பார்த்தேன், சட்டையில் பொத்தான்கள் நேராக இருந்தன, நான் தையல்காரி, அதைத்தான் முதலில் பார்ப்பேன். நீ நன்றாகப் படிக்கிறாய் என்று கேட்டு மகிழ்ச்சி. எங்கள் ஊரில் மாம்பழம் அதிகம். நன்றாக விளையாடு, நன்றாகச் சாப்பிடு." விடைபெறும் சொல் அதில் இல்லை. அதை வேண்டுமென்றேதான் விட்டோம்.

மூன்றாம் நாள் நிறுவனத்தில் இருந்து போன் வந்தது. கனிவான குரலில் ஒரு பெண். தொகையை 400 ஆகக் குறைக்கலாமா மேடம், மூன்று மாதம் இடைநிறுத்தி வைக்கலாமா மேடம் என்று கேட்டிருக்கிறார். இவை நேர்மையான ஏற்பாடுகள்தான். பணம் மட்டுமே பிரச்சினை, தொடர மனம் இருக்கிறது என்பவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இடைநிறுத்தம் என்பது நிறுத்தம் இல்லை. மேண்டேட் அப்படியே இருக்கும், ஜனவரியில் தானாக விழித்துக்கொள்ளும். அக்கா, "வேண்டாம்மா, நன்றி, முழுதாக நிறுத்திவிடுங்கள்" என்றாள். அந்தப் பெண் விடாமல், பையன் உங்கள் கடிதத்தை எதிர்பார்த்திருப்பான் என்றாராம். அந்த ஒரு வாக்கியத்தை எனக்குப் பிடிக்கவில்லை. சம்பளத்துக்கு எழுதிக் கொடுத்ததை வாசிக்கும் பெண்ணிடம் கோபப்பட்டுப் பயனில்லை என்பதும் தெரியும். அக்கா என்னைவிடச் சாமர்த்தியசாலி. "கடிதம் அனுப்பிவிட்டேனே, மின்னஞ்சலில் இருக்கிறது பாருங்கள்" என்றிருக்கிறாள். பேச்சு அங்கே முடிந்தது. அன்று மாலையே உறுதி செய்து மின்னஞ்சல் வந்தது.

மறுநாள் வங்கிக் கிளைக்குப் போனோம். பாஸ்புக், ஆதார் நகல், யூஎம்ஆர்என் எழுதிய விண்ணப்பம். அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடுத்த தவணையை மட்டும் நிறுத்துவது வேறு, மேண்டேட்டையே ரத்து செய்வது வேறு. அவசரத்தில் முதலாவதைச் செய்து அனுப்பிவிடுவார்கள், அடுத்தடுத்த மாதம் பணம் போகும். விண்ணப்பத்தில் மேண்டேட்டை நிரந்தரமாக ரத்து செய்க என்று எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம். சில வேலைநாள் கழித்து இணைய வங்கியின் பட்டியலில் அந்த வரிக்கு எதிரே ரத்தானது என்று காட்டியது. அக்டோபர் எட்டாம் தேதி பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்து பார்த்தோம். எடுக்கவில்லை. ஒருவேளை எடுத்திருந்தால், நிறுவனத்தின் உறுதி மின்னஞ்சலும் முத்திரையிட்ட நகலும் கையில் இருந்ததால் திருப்பிக் கேட்பது கடினமாக இருந்திருக்காது.

மிச்சம் இருந்தது சான்றிதழ். நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு என்று மேசையில் சொல்லியிருந்தார்கள். 80ஜி பதிவுள்ள நிறுவனம் நிதியாண்டு முடிந்தபின் மே 31க்குள் 10பிஇ படிவத்தில் சான்றிதழ் தர வேண்டும். இடையில் விலகினாலும் கொடுத்த தொகைக்கு அது வந்தாக வேண்டும். அக்காவுக்கும் வந்தது, 2,400 என்று சரியாகவே இருந்தது. ஆனால் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பவரிடம் போனபோது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவு கிடையாது என்று சொல்லிவிட்டார். அக்கா அந்தத் தாளை ரசீதோடு சேர்த்துக் கடைக் கோப்பில் போட்டுவிட்டு, சீருடைத் துணிக்கு அளவெடுக்க உட்கார்ந்துவிட்டாள்.